பில்டரோடு 47 நிமிடம்: ரெக்கார்டிங்கை மறுபடி கேட்டபோதுதான் புரிந்தது

கட்டிக்கொண்டிருக்கும் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் வீடு பார்த்திருந்தோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின வாரம், பில்டர் பக்கத்து சேல்ஸ் மேனேஜரோடு போனில் விவரமாகப் பேசினேன். ஆரம்பத்திலேயே, "சார், எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது, இதை ரெக்கார்ட் பண்ணிக்கவா?" என்று கேட்டேன். "தாராளமா பண்ணிக்கோங்க சார், நமக்குள்ள என்ன" என்றார். அந்தக் கேள்வியும் பதிலும் ரெக்கார்டிங்கிலேயே இருக்கிறது. அது அப்படி இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் கேட்காமல் பதிவு செய்ததை வைத்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனால் முதலில் நாம்தான் பதில் சொல்ல வேண்டி வரும்.

போனை வைத்தபோது ரொம்ப திருப்தியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டார் என்று மனைவியிடம் சொன்னேன். ஒவ்வொரு மாடிக்கும் கான்கிரீட் தளம் போடப் போட, பணம் ஸ்லாப் ஸ்லாபாகக் கொடுத்தால் போதும், டிசம்பரில் சாவி, தேக்குக் கதவு, ஏசி பாயிண்ட், நல்ல பிராண்ட் குழாய், எல்லாம் உண்டு. அவள் ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னாள். பாதி கேட்டுவிட்டு, "இவர் எங்கேயாவது 'நாங்க தர்றோம்'னு சொல்றாரா பாருங்க" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து கேட்டேன். 47 நிமிடத்தில் அந்த மாதிரி இரண்டே இடம். மற்றதெல்லாம் "வந்துடும்", "ஆயிடும்", "பண்ணிடலாம்", "பார்த்துக்கலாம்", "கவலையே படாதீங்க". நம் பேச்சில் இது ஒரு வசதி. "வந்துடும்" என்றால் யார் கொண்டுவருவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. "பண்ணிடலாம்" என்பதில் செய்கிறவரும் காசு கொடுக்கிறவரும் யார் என்பது அப்படியே மூடிக் கிடக்கும். "ஏசிக்கு பைப் போட்டுடலாம் சார்" என்றால் அவர் போடுகிறாரா, நான் காசு கொடுத்தால் அவர் போடுகிறாரா, இல்லை நான் ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளலாம், அவர் தடுக்க மாட்டார் என்று அர்த்தமா? மூன்றும் சரிதான். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவே வரவில்லை. அவர் சொன்னதில் பாதிக்கு எழுவாய் இல்லை, நான்தான் போட்டுக்கொண்டேன்.

அதனால் அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கொண்டே, எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று குறித்து, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு வரி, அதற்குக் கீழே நான் புரிந்துகொண்டதை யார், எவ்வளவு, எப்போது என்று நிரப்பி இன்னொரு வரி. நிரப்ப முடியாத இடத்தில் கேள்விக்குறி. 47 நிமிடப் பேச்சு ஒன்றரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது, அதில் கேள்விக்குறி மட்டும் பதினொன்று.

பணம் விஷயத்தை முதலில் எடுத்துக்கொண்டேன். அவர் சொன்ன ஷெட்யூல் இது: புக்கிங்குக்கு 10 சதவீதம், அக்ரிமெண்டுக்கு 15, அஸ்திவாரத்துக்கு 15, அப்புறம் 8 ஸ்லாபுக்கு தலா 5, செங்கல் வேலைக்கு 8, பூச்சுக்கு 5, டைல்ஸுக்கு 5, சாவி வாங்கும்போது 2. போனில் கேட்கும்போது படிப்படியாக, நியாயமாகத்தான் இருந்தது. காகிதத்தில் கூட்டிப் பார்த்தால், எட்டாவது ஸ்லாப் போட்டு முடிக்கிற அன்று என் கையிலிருந்து 80 சதவீதம் போயிருக்கும். அன்றைக்கு என் வீடு என்பது நான்கு பக்கமும் காற்றடிக்கிற தூண்களும் மேலே ஒரு தளமும்தான். சுவர், வயரிங், பிளம்பிங், பூச்சு, ஜன்னல், கதவு, தரை, பெயிண்ட், லிப்ட் இத்தனையும் பாக்கி, இத்தனைக்கும் என்னிடம் அவர் எதிர்பார்க்க வேண்டியது 20 சதவீதம். வேலை இழுக்கிறது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். கான்கிரீட் மளமளவென்று ஏறும், அப்புறம் ஆறு மாதத்துக்கு சைட்டில் நாலு பேர் மட்டும் நடமாடுவார்கள். ஷெட்யூல் இப்படி இருந்தால் அப்படித்தான் நடக்கும் என்று இந்தக் கூட்டலைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்னொன்று, நான் சேரும்போது ஏற்கெனவே 3 ஸ்லாப் முடிந்திருந்தது. நடுவில் சேருகிறவர்கள் அதுவரை தாண்டிய எல்லாக் கட்டத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கட்ட வேண்டும். அதாவது 10, 15, 15, அப்புறம் மூன்று ஐந்து, ஆக 55 சதவீதம் உடனே. போனில் இதை அவர் மறைக்கவில்லை, 14வது நிமிடத்தில் "இப்ப வரைக்கும் உள்ளது கிளியர் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் ஈசி சார்" என்று சொல்லியிருக்கிறார். நான்தான் "ஈசி"யை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன்.

சதவீதத்தை விட நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. "ஒவ்வொரு ஸ்லாப் போடும்போதும் 5 பர்சென்ட்" என்றார். போடும்போதா, போட்டதுமா? சிரிக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவில் வாரக்கணக்கு இருக்கிறது. பலகை அடித்து, கம்பி கட்டி, அதற்குள் மின்சாரக் குழாய் பதித்து, அப்புறம்தான் கான்கிரீட். பலகை அடிக்க ஆரம்பித்ததுமே "ஸ்லாப் வேலை தொடங்கிவிட்டது" என்று டிமாண்ட் லெட்டர் அனுப்புகிறவர்கள் உண்டு. எட்டு ஸ்லாபிலும் இப்படி முன்னால் போனால், லோன் எடுத்தவர்களுக்கு அத்தனை நாளுக்கும் வட்டி ஓடும். அதே மாதிரி "செங்கல் வேலைக்கு 8 பர்சென்ட்" என்றால் எந்த மாடியின் செங்கல் வேலை? முதல் மாடியில் முதல் வரிசை கட்டினாலே அந்தக் கட்டம் வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டலாம், என் வீடு மூன்றாவது மாடியில் இருந்தாலும். ஸ்லாபை மொத்தக் கட்டடத்துக்கு வைப்பதில் தப்பில்லை. சுவருக்கும் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் "என் வீட்டில் முடிந்ததும்" என்று இருக்க வேண்டும்.

பேசிப் பேசி கடைசியில் ஒத்துக்கொண்ட கணக்கு: 10, 10, 10, ஸ்லாபுக்கு தலா 4, செங்கல் 10, பூச்சு 10, டைல்ஸும் ஜன்னலும் சேர்த்து 8, சாவிக்கு 10. உடனே கட்ட வேண்டியது 55-லிருந்து 42 ஆனது, ஸ்லாப் எல்லாம் முடியும்போது 80-க்குப் பதில் 62. மொத்த விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் முகம் மாறுகிறவர்கள் இதற்கு ஓரளவு இறங்கி வருகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மட்டும்தான்.

அடுத்தது சாவி தேதி. ரெக்கார்டிங்கில் இது மூன்று இடத்தில் வருகிறது. 9வது நிமிடத்தில் "டிசம்பர்ல குடி வந்துடலாம்". 22-ல் "டிசம்பர், மிஞ்சிப்போனா ஜனவரி". 38-ல், நான் வேறு ஏதோ கேட்கும்போது இடையில் லேசாக, "அக்ரிமெண்ட்ல ஆறு மாசம் கிரேஸ் பீரியட்னு இருக்கும் சார், அது எல்லாருக்கும் போடறதுதான், நமக்கு அது தேவையே படாது". பேசும்போது இந்த மூன்றும் எனக்கு ஒரே பதிலாகத்தான் கேட்டது. எழுதி வைத்தபோது, ஒரே ஆள் அரை மணி நேரத்துக்குள் டிசம்பரிலிருந்து ஜூன் வரை நகர்ந்திருப்பது தெரிந்தது.

சைட்டுக்குப் போய் சூப்பர்வைசரிடம் இரண்டாவது ஸ்லாப் எப்போது போட்டீர்கள், மூன்றாவது எப்போது என்று சாதாரணமாக விசாரித்தேன். இடைவெளி 24 நாள். பாக்கி 5 ஸ்லாப், ஆக 120 நாள். நாங்கள் பேசியது மார்ச் நடுவில், அப்படியென்றால் கடைசி ஸ்லாப் ஜூலை நடுவில். கீழ்மாடிகளில் செங்கல் வேலை அதற்குள்ளேயே ஆரம்பித்துவிடும், அது உண்மை. இருந்தாலும் கடைசி ஸ்லாபுக்குப் பிறகு முட்டு பிரிக்க, மேல்மாடிகளில் சுவர் எழுப்ப, பூச, காய விட, டைல்ஸ் ஒட்ட, லிப்ட் பொருத்த, பெயிண்ட் அடிக்க, இணைப்புகள் வாங்க என்று சூப்பர்வைசரே எட்டு மாதம் சொன்னார். ஜூலையோடு எட்டு, அடுத்த வருஷம் மார்ச். அதுவும் மழை, ஆள் பற்றாக்குறை எதையும் சேர்க்காமல். கிரேஸ் பீரியட் தேவையே படாது என்பது போய், அந்த ஆறு மாதத்தை நம்பித்தான் அவர்களுடைய திட்டமே இருக்கிறது. இதில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. டிசம்பர் என்பது விற்பதற்கான தேதி, ஜூன் என்பது எழுதித் தருவதற்கான தேதி, நான் ஜூனை வைத்துக் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான். வாடகையும் லோன் வட்டியும் ஒன்றாக ஓடப்போகிற மாதங்களை அன்றைக்கே ஆறு கூட்டிக்கொண்டேன்.

தேதி தெரிந்தால் மட்டும் போதாது, அன்று கையில் என்ன வரும் என்பதும் தெரிய வேண்டும். "சாவி கொடுத்துடுவோம்" என்றார் (அந்த இரண்டு நேரடி வாக்குறுதிகளில் இது ஒன்று). ஆனால் பூட்டும் சாவியும் வைத்த கதவு உள்ள இடமெல்லாம் குடியிருக்கத் தக்க வீடு ஆகிவிடாது. கட்டட நிறைவுச் சான்றிதழ் வராமல், கட்டுமான வேலைக்கு வாங்கின தற்காலிக மின்சாரத்திலேயே குடித்தனம் நடத்துகிற குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். லிப்ட் ஓடாது, மோட்டார் ஓடினால் விளக்கு மங்கும். ஆனால் கடிதத்தில் சாவி கொடுத்தாகிவிட்டது, பாக்கித் தொகை முழுக்க வாங்கியாகிவிட்டது, பராமரிப்புக் கட்டணமும் அன்றிலிருந்தே கணக்கு. அதனால் என் குறிப்பில் ஒப்படைப்பு என்பதற்கு அர்த்தம் எழுதினேன்: நிறைவுச் சான்றிதழ் நகல், நிரந்தர மின் இணைப்பு, தண்ணீரும் கழிவுநீரும் வேலை செய்கிற நிலை, ஓடுகிற லிப்ட். இவை இருந்தால்தான் கடைசி 10 சதவீதம். தாமதமானால் மாதத்துக்கு என்ன தருவீர்கள் என்று 40வது நிமிடத்தில் கேட்டிருக்கிறேன். பதில், "தாமதமே ஆகாது சார்". கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை, ஆனால் அப்போது சரி என்று தலையாட்டியிருக்கிறேன், என் "ம்ம்" தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

இப்போது ஃபிட்டிங்ஸ். இதில்தான் நான் ரொம்பவே ஏமாந்திருப்பேன். மாதிரி வீட்டைக் காட்டும்போது பார்த்ததையெல்லாம் என் மூளை போன் பேச்சோடு ஒட்டிவிட்டிருந்தது. மாதிரி வீட்டில் இருக்கிற பாதிக்கு மேல் "காட்சிக்காக" வைத்தது, நமக்கு வராது.

"தேக்குக் கதவு" என்றார். விசாரித்ததில் நிலை மட்டும் தேக்கு, கதவு என்பது மேலே மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய ஃப்ளஷ் டோர். மோசமில்லை, ஆனால் நான் நினைத்தது வேறு. "ஏசி பாயிண்ட்" என்றால் சுவரில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். உள் யூனிட்டிலிருந்து வெளி யூனிட்டுக்குப் போகிற காப்பர் பைப்பும், தண்ணீர் வடிகிற குழாயும் அதில் சேராது. "மாடுலர் கிச்சன் ப்ரொவிஷன்" என்றால் கிச்சன் இல்லை, அதை நான் செய்துகொள்ள இடம், அவ்வளவே. குழாய்களுக்கு இரண்டு பிராண்ட் பெயர் சொல்லிவிட்டு "அல்லது அதுக்கு ஈக்வலா" என்றார். ஒரே பிராண்டிலேயே மலிவான வரிசைக்கும் உயர்ந்த வரிசைக்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும், இதில் ஈக்வல் என்பதை யார் முடிவு செய்வது? பிராண்ட் பெயர் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை, மாடல் எண்ணோ வரிசையின் பெயரோ வேண்டும். மாற்றினால் என்னிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி மாற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சண்டை போட முடியாது, போடவும் கூடாது. எனவே சுவருக்குள் புதைவதற்கும், மேலே ஒட்டுவதற்கும் வித்தியாசம் பார்த்தேன். கதவுக் கைப்பிடி பிடிக்கவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். ஷவருக்கும் குழாய்க்கும் தண்ணீரை மாற்றி விடுகிற டைவர்ட்டர் அப்படி இல்லை. அதன் உடல் சுவருக்குள் போய்விடும், வெளியே தெரிவது கைப்பிடியும் தட்டும் மட்டும், ஒரு கம்பெனியின் தட்டு இன்னொரு கம்பெனியின் உடலில் பொதுவாக உட்காராது. மாற்ற வேண்டுமென்றால் டைல்ஸை உடைக்க வேண்டும். காப்பர் பைப்பும் அப்படித்தான், பூச்சுக்கு முன்னால் சுவரில் காடி வெட்டிப் பதித்தால் வேலை சுத்தம், அப்புறம் என்றால் சுவரின் மேலே வெள்ளைக் குழாய் நெடுக ஓடும். ஜன்னலிலும் ஒன்று உண்டு: தள்ளு ஜன்னலில் கண்ணாடிக்கு மட்டும் இரண்டு தடம் வைத்து ஃபிரேம் வந்துவிட்டால், பின்னால் கொசுவலைக்கு மூன்றாவது தடம் கிடைக்காது. இந்த மூன்றையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன். டைல்ஸ் நிறம், சுவிட்சு அழகு இதெல்லாம் விட்டுவிட்டேன்.

எழுதினதை மறுநாள் காலை மெயிலில் அனுப்பினேன். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல், "நேற்றுப் பேசியதில் நான் புரிந்துகொண்டது கீழே இருக்கிறது, தவறு இருந்தால் திருத்தி அனுப்புங்கள், அதன்படி அட்வான்ஸ் கொடுக்கிறோம்" என்று மேலே இரண்டு வரி. கீழே ஒவ்வொன்றும் இந்த மாதிரி: "22வது நிமிடம். படுக்கை அறை இரண்டிலும் ஏசிக்கு 16 ஆம்பியர் சாக்கெட், காப்பர் பைப், வடிகால் குழாய் மூன்றையும் நிறுவனம் தன் செலவில், பூச்சுக்கு முன் பதித்துத் தரும்." வேண்டுமென்றே எனக்குச் சாதகமாக நிரப்பினேன் என்று ஒத்துக்கொள்கிறேன். தப்பென்றால் அவர் மறுக்கட்டும், மறுப்பும் எழுத்தில் வரட்டும்.

நான்கு நாள் பதில் இல்லை. அப்புறம் போன் வந்தது. "மெயிலெல்லாம் எதுக்கு சார், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன், நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கு எதிர்த்துச் சொல்வது கஷ்டம். "உங்க மேல நம்பிக்கை இருக்கு சார், நாளைக்கு உங்க சீட்ல வேற ஒருத்தர் வந்தா அவருக்குத் தெரியணும் இல்ல?" என்றேன். அது வேலை செய்தது. இரண்டு நாளில் பதில் வந்தது, மூன்று இடத்தில் சிவப்பு எழுத்தோடு. காப்பர் பைப் தர மாட்டார்கள், நான் ஆள் வைத்துப் பதித்துக்கொள்ளலாம், பூச்சுக்கு பத்து நாள் முன்னால் சொல்லுவார்கள். டைவர்ட்டருக்கு வரிசையின் பெயர் போட்டிருந்தார்கள். கொசுவலைத் தடம் சரி, வலை என் செலவு. போனில் கேட்ட "வந்துடும்" எல்லாவற்றையும் விட இந்த மூன்று சிவப்பு வரிகள் எனக்கு உபயோகமாக இருந்தன, ஏனென்றால் எது வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வேலை முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. அக்ரிமெண்ட் வரைவு வந்ததும் ஒரு வக்கீலிடம் காட்டினோம். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் விரல் வைத்தார். இந்த ஒப்பந்தத்துக்கு முன் நடந்த பேச்சு, கடிதம், விளம்பரம், மாதிரி வீடு எதுவும் இரு தரப்பையும் கட்டுப்படுத்தாது, இதில் எழுதியது மட்டுமே செல்லும் என்கிற ஷரத்து. நான் பாடுபட்டு வாங்கிய மெயிலும் ரெக்கார்டிங்கும் அந்த ஒரு பத்தியில் மதிப்பிழந்து போகக்கூடியவை. அந்த ஷரத்தை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டார்கள், பெரும்பாலும் எல்லா அக்ரிமெண்டிலும் இருக்கும் என்றார். அவர் சொன்ன வழி சுலபமானது: மெயிலில் ஒத்துக்கொண்டவற்றை ஒரு இணைப்பாக அக்ரிமெண்டோடு சேர்த்து, "இணைப்பு இந்த ஒப்பந்தத்தின் பகுதி" என்று உள்ளே ஒரு வரி போட்டு, இணைப்பின் எல்லாப் பக்கத்திலும் இரண்டு தரப்பும் கையெழுத்து. அப்போது அதே ஷரத்து நமக்குக் காவல். ஒன்றரைப் பக்கக் குறிப்பு இப்படித்தான் அக்ரிமெண்டுக்குள் போனது. தாமதத்துக்கான மாதத் தொகை மட்டும் நான் கேட்டதில் பாதியாகத்தான் வந்தது, அதுவும் கிரேஸ் பீரியட் முடிந்த பிறகுதான்.

விட்டுப்போனதும் உண்டு. பார்க்கிங் எந்த இடம், எத்தனை அடி அகலம் என்று 47 நிமிடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசாதது குறிப்பிலும் வரவில்லை. தூணுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், வண்டியை நிறுத்திவிட்டால் ஒரு பக்கக் கதவைத்தான் திறக்க முடியும்.

ஏழாவது ஸ்லாப் என் கணக்குப்படி ஜூன் மூன்றாவது வாரம் வந்திருக்க வேண்டும். ஜூலை கடைசியில்தான் அதற்கான டிமாண்ட் லெட்டர் வந்தது. அன்று சாயங்காலமே சைட்டுக்குப் போனேன், மேலே கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள், பாதி தளத்தில் பலகை வெறுமையாகத் தெரிந்தது. இணைப்பின் முதல் பக்கத்தில் "ஸ்லாப் கான்கிரீட் போட்டு முடிந்ததும்" என்ற வரியை அடிக்கோடிட்டுப் படம் எடுத்து, கம்பி கட்டுகிற படத்தையும் சேர்த்து அனுப்பினேன், வேறு எதுவும் எழுதவில்லை. அரை மணி நேரத்தில் "சரி சார்" என்று பதில். ஒன்பது நாள் கழித்து அதே லெட்டர் புதுத் தேதியோடு மறுபடி வந்தது, கூடவே ஈரம் காயாத கான்கிரீட்டின் மேல் தண்ணீர் தேக்கி வைத்த படம்.